தர்வாஜாவுக்குள் ஒரு வா

பதிவு எண் 14. மயூர் விஹார், சொசைட்டி ஃப்ளாட், நான்காம் மாடி. கொலு ஆறாம் நாள், மாலை 6.40 முதல் 8.15 வரை.

இருந்தவர்கள்:

வைதேஹி, 67, வீட்டுக்காரர்.

கஸ்தூரிரங்கன், 71, அவருடைய கணவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு. பெரும்பாலும் உள் அறையிலிருந்து குரல் மட்டும்.

விருந்தினர், நாற்பத்தொரு பேர். பெயர்கள் தனித்தாளில்.

இந்திராணி, 53, இரண்டாம் மாடி. இருபத்தெட்டு வினாடிகள்.

லிஃப்ட்.

லிஃப்டைப் பட்டியலில் பிறகுதான் சேர்த்தேன். முதலிலேயே சேர்த்திருந்தால் இதை எழுத வேண்டி இருந்திருக்காது.

மொழியியல் துறையில் என் வேலை, பதிவு செய்த பேச்சைக் கேட்டு எழுதுவது. வார்த்தைகளை மட்டுமல்ல. இழுத்த மூச்சு, பாதியில் விழுங்கிய எழுத்து, ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறிய இடம், யாரும் பேசாத நேரம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். மௌனத்தை வினாடியின் பத்தில் ஒரு பங்காக அளந்து அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இதற்கு முன் குர்காவ்னில் ஆறு வருடம் இரவு ஷிஃப்ட். கால் சென்டரில் மற்றவர்கள் பேசிய அழைப்புகளைக் கேட்டு மார்க் போட்டேன். முதல் வணக்கத்தைச் சரியாகச் சொன்னால் ஐந்து மார்க், சொல்லாவிட்டால் பூஜ்யம். எதிர்முனையில் இருந்தவர் பதில் சொன்னாரா என்று யாரும் கேட்டதில்லை. எம்.ஏ. அதற்கு முன்பே இரண்டாம் வருடத்தில் நின்றுபோயிருந்தது.

என்னை இங்கே எடுத்தது ஜ்யோத்ஸ்னா மேடம். கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அதனால் தமிழ்ப் பதிவுகளுக்கு என் காதை நம்பியிருந்தார். டெல்லியில் இருக்கும் தமிழ் வீடுகளில் யாராவது வந்தால் வாசலில் முதல் பத்து வினாடியில் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வேறொன்றும் இல்லை, பத்து வினாடி. அதற்குப் பதினெட்டு வீடுகள், கேமரா, ஒப்புதல் படிவம், நான்.

வீடுகளைப் பிடித்துக் கொடுத்தது மதுமதி. துறையில் எம்.ஏ. படிக்கிறாள், இருபத்துமூன்று வயது. இந்திராணியின் மகள். தன் சொசைட்டியிலேயே நான்கு வீடுகளைச் சம்மதிக்க வைத்தாள். அதில் முதலாவது வைதேஹி மாமி வீடு. கொலு சமயம், கதவு திறந்தே இருக்கும், ஒரு மாலையில் நாற்பது பேர் வருவார்கள். எங்களுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பிப்ரவரி முதல் வாரம், ஒரு மதியம், பதிவு பதினான்கைக் கூட்டாகப் பார்க்க உட்கார்ந்தோம். எங்கள் துறையில் அப்படித்தான் வழக்கம். ஒரு நிமிடத் துண்டைப் பத்து தடவை ஓட்டி, கையில் எழுத்துப்படியை வைத்துக்கொண்டு, கண்ணில் படுவதைச் சொல்வது. ஹீட்டர் பக்கத்தில் மேடம், எதிரே மதுமதி, கணினியில் நான். மேசையில் கேன்டீன் பையன் கொண்டுவந்து வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

மேடம் முதலில் சாதாரணமான ஒரு துண்டை ஓட்டச் சொன்னார். ஒரு பெண் வாசலில். மாமி "வாங்கோ." பெண் "வரேன் மாமி." இடையில் 0.2 வினாடி.

"பாத்தேளா, எவ்ளோ டைட்டா இருக்கு?" என்றார் மேடம். "இது ஜோடி. ஒருத்தர் முதல் பாதியைச் சொல்லிட்டா, ரெண்டாவது பாதிக்கு இடம் ரெடி ஆயிடறது. அந்த இடத்துல எது வந்தாலும், வராட்டாலும், அதோட கணக்குலதான் பாப்பாங்க. உலகத்துல கோடி விஷயம் பேசாம இருக்கோம், ஒண்ணும் தோணறதில்ல. ஆனா வாங்கோன்னதுக்கு அப்புறம் ஒரு செகண்ட் சத்தம் இல்லேன்னா, அது வெறும் மௌனம் இல்ல. பதில் இல்ல. வித்தியாசம் புரியறதா?"

"பதில் வரலேன்னா முதல் ஆளு என்ன பண்ணுவா மேம்?" என்றாள் மதுமதி.

"திரும்பச் சொல்லுவா. இல்லாட்டா காரணம் தேடுவா. காதுல விழலியோ, கோவமோ, திமிரோ. நாம அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கறதில்ல. யாரோட மனசுக்குள்ளயும் நாம போறதில்ல. அவங்களே அதை எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு அடுத்த வரியில தெரியும். அதை மட்டும் பாரு. ஜோதி, அடுத்தது."

அடுத்தது இந்திராணி வந்த துண்டு. என் எழுத்துப்படி இப்படி இருந்தது:

01 லிஃப்ட்: கிருபயா தர்வாஜா பந்த் கரேன்

02 (2.1)

03 கஸ்தூரி: வைதேஹி:: ஃபோன்

04 ((இந்திராணி செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறார்))

அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் பழையது. கையால் இழுத்துச் சாத்தும் இரும்புக் கிராதி. சரியாகச் சாத்தாவிட்டால் ஒரு பெண் குரல் கதவைச் சாத்துங்கள் என்று இந்தியில் கெஞ்ச ஆரம்பித்துவிடும். சாத்தும்வரை அரை நிமிடத்துக்கு ஒரு தரம் அதையே சொல்லும்.

படத்தில் இந்திராணி லிஃப்டில் இருந்து வருகிறார். பட்டுப்புடவை, கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. ஒரு செருப்பைக் கழற்றி, ஒரு காலை வாசற்படிக்குள் வைத்து, நிமிர்ந்து பார்க்கிறார். மாமி பக்கவாட்டில், தலை குனிந்து, காகிதக் கிண்ணங்களில் சுண்டல் போட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு நிமிர்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இரண்டு வினாடி. எழுத்தில் இரண்டு, திரையில் அது முடிவதாகவே இல்லை. உள்ளே இருந்து கஸ்தூரிரங்கன் கூப்பிடுகிறார். மாமி திரும்புகிறார். இந்திராணி வைத்த காலை எடுக்கிறார்.

"அந்தக் காலைப் பாரு," என்றார் மேடம். "உள்ள வந்த கால் வெளிய போறது. வாங்கன்னு கேக்கலங்கறதுக்கு அதுதான் அடுத்த வரி. ப்யூட்டிஃபுல்."

மதுமதி எழுத்துப்படியின் இரண்டாம் வரியில் விரலை வைத்தாள். பிறகு, "அப்போ நிஜமாவே கேக்கல," என்றாள்.

"யாரை?"

"அம்மாவ. அக்டோபர்லேருந்து சொல்லிட்டே இருக்காங்க, மாமி என்னை வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலன்னு. நான்தான், நீயா கற்பனை பண்ற, மாமி அப்படிப்பட்டவங்க இல்லன்னு சண்டை போட்டேன். பத்தொம்பது வருஷப் பழக்கம் மேம். ரெண்டு பேரும் இப்ப பேசறதில்ல."

மேடத்துக்கு முகம் மாறியது. உறவு தெரியும், விஷயம் தெரியாது. அந்தத் துண்டை அத்தோடு நிறுத்தச் சொன்னார். அதற்குள் மதுமதி எழுத்துப்படியை மொபைலில் படம் எடுத்திருந்தாள். நான் பார்த்தேன். சும்மா இருந்தேன்.

அவள் அதை அன்றைக்கே அம்மாவிடம் காட்டினாள். கெட்ட எண்ணம் இல்லை. நாலு மாதம் அம்மாவை நம்பாததற்கு மன்னிப்புக் கேட்பதாக அவள் நினைப்பு.

மறுநாள் காலை மதர் டெய்ரி பூத்தில் பால் வாங்க நின்ற மாமியிடம் இந்திராணி நேராகப் போய்ச் சொல்லியிருக்கிறார்: "என்னை வாங்கன்னு கேக்கலன்னு நான் சொன்னா யாரும் நம்பல. யூனிவர்சிட்டில எழுதியே வச்சிருக்காங்க மாமி. ரெண்டு செகண்டு. பாயின்டு ஒண்ணும் சேத்து."

மாமி பால் வாங்காமலேயே வீட்டுக்குப் போய் மேடத்துக்கு ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"நீங்க எழுதினது தப்பு. செருப்புச் சத்தத்துலயே அவதான்னு தெரியும், நான் அவளக் கேட்டேன். பெருமாள் சாட்சியா கேட்டேன். கேட்டுட்டு நிமுந்து பாக்கறேன், கல்லு மாதிரி நிக்கறா. பதில் இல்ல. என்னத்துக்குக் கோவம்னு நினைச்சுண்டிருக்கச்சயே இவர் ஃபோன்னு கத்தறார். திரும்பிப் பாத்தா ஆளக் காணும். நாப்பது பேர் முன்னாடி எனக்கு எப்படி இருந்திருக்கும்? இப்போ நீங்க எல்லாரும் சேந்து நான் கேக்கலேங்கறேள்."

"மாமி, நாங்க திரும்பக் கேட்டுப் பாக்கறோம்."

"பாருங்கோ. நன்னாப் பாருங்கோ. அடுத்த வாரம் எனக்கு ரெண்டாவது கண்ணு ஆபரேஷன். வேண்டாம்னு சொல்லிடப் போறேன். போன வருஷம் முதல் கண்ணுக்கு ஒரு மாசம், ஒரு நாளைக்கு நாலு வேளை, இந்திராணிதான் வந்து மருந்து விட்டா. இவருக்குக் கை நடுங்கறது. கண்ணுல விடச் சொன்னா காதுல விடறார்."

பின்னால் கஸ்தூரிரங்கன், "ஒரு தரம்தான்," என்றார்.

ஃபோனை வைத்த பிறகு மேடம் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "ஜோதி, எனக்குத் தமிழ் எழுத்துன்னாலே நீங்கதான்," என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

மூன்று நாள் அந்த இருபத்தெட்டு வினாடிகளைக் கேட்டேன். "வாங்கோ" என்பதைத் தேடினேன். மற்ற நாற்பத்தொரு பேருக்கும் மாமி அதைத்தான் சொல்லியிருந்தார். ஐந்து வயதுக் குழந்தைக்கும் வாங்கோ, கீழ்வீட்டு சர்தார்ஜி மனைவிக்கும் வாங்கோ. ஒரே ராகம், கடைசி எழுத்தில் ஒரு இழுப்பு. அந்த இழுப்பு இந்தத் துண்டில் எங்கேயும் இல்லை. மாமி பொய் சொல்கிறார் என்று முடிவுக்கு வந்தேன். ஆட்கள் சொன்னதாக நினைத்துக்கொள்வார்கள். கால் சென்டரில் தினம் பார்த்தது.

நான்காம் நாள் லிஃப்டைக் கேட்டேன். அலுப்பில்தான். அந்தக் குரலை நான் எழுதினேனே தவிரக் கேட்டதில்லை. இயந்திரம்தானே, எப்போதும் ஒன்றையே சொல்லும், வரியில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். பதிவு முழுவதும் அது முப்பத்தொரு தடவை பேசியிருந்தது. முப்பத்தொன்றையும் வெட்டி வரிசையாக வைத்தேன். இயந்திரம் என்றால் எல்லாம் ஒரே நீளம் இருக்க வேண்டும். முப்பதில் "தர்வாஜா"வின் நடு எழுத்து 0.19 வினாடி. ஒன்றில் மட்டும் 0.34. திரையில் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகப் பார்க்கலாம். முப்பதில் அது தரைபோல் சமமாக ஓடியது. ஒன்றில் மட்டும் அந்த எழுத்தின் மேல் இன்னொரு கோடு, சின்னதாக, மேலே வளைந்து ஏறியது.

அது இயந்திரம் இல்லை. அறுபத்தேழு வயதுப் பெண்மணி.

மாமி "வாங்கோ" என்று சொல்லவே இல்லை. "வா" என்று சொல்லியிருந்தார். ஒரே எழுத்து. அது தர்வாஜாவின் வாவுக்குள் அப்படியே போய் உட்கார்ந்துவிட்டது. வெளியூர்க்காரனுக்கு இந்தத் தவறு வராது. இந்தி லிஃப்டில் தினம் ஏறி இறங்கி, அதைக் கேட்காமலே கேட்டுப் பழகிய தமிழனுக்குத்தான் வரும்.

மேடத்தைக் கூப்பிட்டேன். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு ஐந்து தடவை கேட்டார்.

"அரே," என்றார். பிறகு, "எல்லாருக்கும் வாங்கோ. இவங்களுக்கு மட்டும் வா."

"ஆமாம்."

"ரொம்ப வேண்டியவங்கங்கறதால வார்த்தை சின்னதாயிடுத்து. சின்னதானதால மறைஞ்சு போயிடுத்து." ஹெட்ஃபோனைக் கழற்றினார். "ஜோதி, இப்போ அந்த ரெண்டு செகண்டைப் பாருங்க. மாமி முதல் பாதியைச் சொல்லியாச்சு. பதிலுக்கு நிக்கறாங்க. இந்திராணிக்கு முதல் பாதியே வந்து சேரல. அதுக்கு நிக்கறாங்க. ரெண்டு பேரும் அடுத்தவங்க வாயத்தான் பாத்துண்டிருக்காங்க. ஒரே மௌனம், ஆனா ரெண்டு வேற வேற விஷயம் அதுல இல்லாமப் போயிருக்கு."

"மாமி ஏன் திரும்பக் கேக்கல?"

"கேட்டிருப்பாங்க. நிமிர்ந்ததே அதுக்குத்தானோ என்னமோ. அதுக்குள்ள மாமா வந்து விழுந்துட்டார்." அவர் டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. "பொதுவா நாம டேட்டால கை வெக்கக் கூடாது. அவங்க வாழ்க்கை அவங்களோடது. ஆனா நாம ஏற்கெனவே வெச்சாச்சு. தப்பான காகிதம் போன வீட்டுக்குச் சரியான காகிதமும் போகணும். நீங்க போங்க. பிரசங்கம் வேண்டாம். கேக்கவிடுங்க, திருத்தத்தைப் பாத்தாச்சுன்னு படிவத்துல கையெழுத்து வாங்குங்க, திரும்பி வந்துடுங்க."

ஆபரேஷன் முடிந்த மறுநாள்தான் போக முடிந்தது. வேண்டாம் என்ற மாமியை டாக்டர் மிரட்டி ஆபரேஷன் மேசையில் படுக்க வைத்திருந்தார். நான் குடியிருக்கும் நரேலாவில் இருந்து மயூர் விஹார் போக இரண்டரை மணி நேரம். பஸ், மெட்ரோ, இன்னொரு மெட்ரோ. லேப்டாப்பும் இரண்டு படிவமும் பையில். முதலில் நான்காம் மாடி. லிஃப்ட் கிராதியை இழுத்துச் சாத்தினேன். இப்போதெல்லாம் அதில் கவனமாக இருந்தேன்.

கஸ்தூரிரங்கன் கதவைத் திறந்தார். "வாப்பா." "வரேன் சார்." சரியாக முடிந்தது.

மாமி கறுப்புக் கண்ணாடியுடன் சோஃபாவில் சாய்ந்திருந்தார். அந்த ஒரு எழுத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினேன். முதலில் லிஃப்ட் மட்டும் பேசியதை, பிறகு இதை.

"நான்தான்," என்றார் உடனே. "ஏன்னா, கேட்டேளா? சொன்னேனா இல்லியா?"

"கேட்டேன்," என்றார் கணவர்.

"ஆனா அவங்களுக்குக் கேக்கல மாமி. அவங்க நின்னது அதுக்குத்தான்."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. அளக்கும் பழக்கம் போகவில்லை எனக்கு. நாலு வினாடிக்கு மேல்.

"லிஃப்டைச் சாத்தாம வந்தது யாரு?" என்றார். "இவதான். எத்தன தரம் சொல்லிருக்கேன். டப்பாவ வெச்சிண்டு ஒரு கையால இழுப்பா, பாதியில விட்டுடுவா. அவ திறந்து வெச்ச லிஃப்டு என் வார்த்தைய முழுங்கிடுத்து."

"அப்ப, நீங்க ஒரு தரம் கீழ போயி..."

"நான் கேட்டாச்சேப்பா. கேட்டவா எதுக்குப் போகணும்? அவ வரட்டும்."

படிவத்தில் கையெழுத்துப் போட்டார். கோடு எங்கே என்று கஸ்தூரிரங்கன் விரலால் காட்டினார். மருந்து நேரம் வந்தது. அவர் பாட்டிலைத் திறந்தார், மாமி கண்ணாடியைக் கழற்றித் தலையை அண்ணாந்தார். முதல் சொட்டு மூக்கில். இரண்டாவது கன்னத்தில்.

"ஏன்னா, எனக்குக் கண்ணு எங்க இருக்குன்னு நாப்பத்திநாலு வருஷத்துல தெரியலியா?"

"அசங்காம இரு."

"நான் அசங்கல. நீங்க அசங்கறேள்."

நான் விடட்டுமா என்றேன். "வேண்டாம்ப்பா, தப்பா நினைச்சுக்காத, கண்ணு விஷயம்," என்றார் மாமி. அது சரிதான். என் கைமேல் எனக்கே நம்பிக்கை கிடையாது.

இரண்டாம் மாடியில் இந்திராணி துணி மடித்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, உக்காருங்க," என்றார். சாத்தூர்க்காரர். கணவர் மத்தியப் பொதுப்பணித் துறையில். இருபத்தாறு வருட டெல்லி அவர் தமிழில் ஒரு கீறல் போடவில்லை. மதுமதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்து கதவோரம் நின்றாள்.

ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். ஒரு தடவை கேட்டார். "இன்னொருக்கா." இன்னொருக்கா. மூன்றாவது தடவை அந்த எழுத்தில் அவர் விரல் தானாக உயர்ந்தது.

"வான்னுருக்காங்க," என்றார்.

"ஆமாங்க. மத்தவங்களுக்கெல்லாம் வாங்கோ. அதனால நான் அதையே தேடினேன். தப்பு என் மேலதான்."

"என்னை வாங்கோன்னு கேட்டாங்கன்னா சண்டைன்னு அர்த்தம் தம்பி. பத்தொம்பது வருஷமா வாதான். மொத நாளு மட்டுந்தான் வாங்கோ." ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நான் என்னவெல்லாம் நெனச்சுட்டேன் தெரியுமா? அவங்க ஆளுங்க வந்து நெறைஞ்சிருக்காங்க, அந்தக் கூட்டத்துல நான் கண்ணுக்குத் தெரியலபோலன்னு. தட்டுல குங்குமம் வாங்குற எடத்துல வெலக்கிட்டாங்கன்னு. நாலு மாசம். ராத்திரியெல்லாம்."

"அம்மா," என்றாள் மதுமதி.

"நீ சும்மா இருடி. ரெண்டு செகண்டுன்னு பேப்பர்ல காட்டுனவதானே நீ."

கையெழுத்துப் போட்டார். நான் கிளம்பவில்லை. மேடம் பிரசங்கம் வேண்டாம் என்றிருந்தார், அதனால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"இப்ப நான் என்ன செய்யணும்ங்கிறீங்க?" என்றார் அவரே. "கொலுவுக்குக் கேட்ட வார்த்தைக்கு இன்னைக்குப் போயி வந்துட்டேன்னு பதில் சொல்லவா? சிரிப்பாங்க. அவங்க ஒரு வார்த்தை கூப்புடட்டும், மறுநிமிசம் போறேன். கூப்புடாத வீட்டுக்கு எப்படி ஏறுறது?"

அவர் சொன்னது பாடப்புத்தகத்துக்குச் சரி. பதில் என்பது கேட்டவுடன் வர வேண்டியது. நாலு மாதம் கழித்துக் கொண்டுபோய் வைக்க அதற்கு இடம் கிடையாது. புதிதாக ஒரு முதல் பாதி வேண்டும். அதைச் சொல்ல மேலே ஒருவர் தயார், ஆனால் இவர் வாசலில் நிற்க வேண்டும். வாசலில் நிற்க இவர் தயார், ஆனால் மேலே இருப்பவர் கூப்பிட வேண்டும். இரண்டு மாடி இடைவெளியில் இப்படி ஒரு பூட்டு.

"மாமிக்கு நேத்து ஆபரேஷன் ஆயிடுச்சுங்க," என்றேன்.

"தெரியும். மருந்து யாரு விடுறா?"

"மாமா."

"கண்ணுலயா?"

"மூக்குல ஒண்ணு, கன்னத்துல ஒண்ணு. கண்ணுல இன்னும் விழல."

இந்திராணி மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "அந்த மனுசனுக்கு ரயிலே ஓட்டத் தெரியாது, கண்ணுல மருந்து விட வந்துட்டாரு. கோட்டைவிட்டா கண்ணே போயிரும். மது, கை கழுவ சோப்பு எங்க? ஜல்தி எடு."

"அவர் கணக்கு செக்ஷன்லதாம்மா இருந்தார், ரயில் ஓட்டல," என்றாள் மதுமதி.

"வாய மூடு."

லிஃப்டில் நானும் அவரும். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். நான்காம் மாடியில் கிராதியை நான்தான் திறந்தேன், அவர் முந்திக்கொண்டு இறங்கிப் போய் மணியை அழுத்தினார். மணி அடிப்பதும் ஒரு முதல் பாதிதான். உள்ளே இருப்பவர் அதற்கு வந்தே ஆக வேண்டும். அவர்கள் வந்து கதவைத் திறப்பது இரண்டாம் பாதி. அதற்கு மேல் நடப்பது வந்தவர் கையிலும் இருப்பவர் கையிலும்.

உள்ளே செருப்புச் சத்தம் வந்தது. கஸ்தூரிரங்கனின் நடை இல்லை. இது சுவரைத் தடவித் தடவி வருகிற நடை.

"கௌன்?" மாமியின் குரல்.

இந்திராணி முந்தானையை இழுத்துச் செருகினார். பிறகு, "நாந்தான்," என்றார்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடியுடன் மாமி, கன்னத்தில் மருந்து காய்ந்த கறை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் அது ஆரம்பித்தது.

"கிருபயா தர்..."

கிராதியை நான் சாத்தியிருக்கவில்லை. இரண்டே எட்டில் ஓடி, இரண்டு கையாலும் இழுத்து அடித்தேன். விரல் நசுங்கியது. குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. அதன்பின் அந்தத் தாழ்வாரத்தில் எந்தச் சத்தமும் இல்லை.

"வாங்கோ," என்றார் மாமி.

இந்திராணி அசையவில்லை. "யாரு வாங்கோ? எத்தன பேரு வந்துருக்கோம்?"

"நாலு மாசமா வராதவாள வேற எப்படிக் கேக்கறதாம்?"

"அப்ப நான் போறேன்."

"போயிடுவியோ? போ, பாக்கலாம்." மாமி கதவைப் பிடித்திருந்த கையை எடுத்து இந்திராணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "வா."

"வந்துட்டேன் மாமி."

0.2 இருக்கும். அதற்கும் குறைவாகக்கூட இருக்கலாம். என்னிடம் பதிவுக் கருவி இல்லை.

"கை அலம்பினியோ?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வாரேன். தலைய அண்ணாந்து வைங்க மொதல்ல. மாமாவ அந்த பாட்டில வச்சுட்டு எந்திரிக்கச் சொல்லுங்க."

இந்திராணி இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனார். லிஃப்ட் பக்கம் விரலை உதறிக்கொண்டு நின்ற என்னை இருவரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மாமி ஒரு கையால் இந்திராணியைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் கதவைத் தள்ளினார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மேல் தாழ்ப்பாள் ஏறியது, அதற்குப் பின் சாவி இரண்டு சுற்றுத் திரும்பியது.